ஷி, ட்சு, ஸோ, ன்: 14 மாதம் ஜப்பானியப் பயிற்சித்தாள்களோடு

டோக்கியோவின் நிஷி-கசாய் பகுதிக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே, இணையத்தில் இலவசமாகக் கிடைத்த எழுத்துப் பயிற்சித்தாள்களை அச்செடுத்து எழுதத் தொடங்கிவிட்டேன். 14 மாதங்கள் ஆகின்றன. இரண்டு கட்டுத் தாள் தீர்ந்திருக்கிறது. இதே வகைத் தாள்களோடு எழுத உட்காரும் மற்றவர்களுக்கு, அவை எங்கே கைகொடுக்கின்றன, எங்கே கைவிடுகின்றன என்று சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

தாளின் அமைப்பு எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டத்தின் நடுவே புள்ளிக்கோடுகள் சிலுவைபோல ஓடும். முதல் கட்டத்தில் கறுப்பில் மாதிரி எழுத்து, அதன் கோடுகளுக்கு 1, 2, 3 என்று எண்கள். அடுத்த மூன்று கட்டங்களில் சாம்பல் நிறத்தில் அதே எழுத்து, அதன்மேல் ஓட்டி எழுத வேண்டும். பிறகு வெற்றுக் கட்டங்கள். ஜப்பானிய மொழியில் ஹிரகானா, கத்தகானா என்று இரண்டு அசையெழுத்து முறைகள் உண்டு. ஹிரகானாவில் அடிப்படை எழுத்துகள் 46. அவற்றை இப்படி ஓட்டி ஓட்டியே இரண்டு மாதத்தில் முடித்தேன். தாள்களும் பார்க்க அழகாகவே இருந்தன.

வட்டாரத் தன்னார்வலர்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு அந்தத் தாள்களைக் கொண்டுபோனபோதுதான் விஷயம் புரிந்தது. ஆசிரியை என்னிடம் ‘மோ’ எழுதச் சொன்னார். மேலே ஒரு குறுக்குக்கோடு, கீழே இன்னொன்று, கடைசியில் தூண்டில் முள்போல வளையும் நெடுங்கோடு என்று எழுதினேன். அவர் தலையசைத்துவிட்டு, “இது கத்தகானா ‘மோ’வின் வரிசை. ஹிரகானாவில் தூண்டில் முள்தான் முதலில்” என்றார். இரண்டுக்கும் மூன்று கோடுகள், வடிவமும் சாயல் கொண்டது, வரிசை மட்டும் தலைகீழ். என் தாளில் எண் இருக்கத்தான் செய்தது. சாம்பல் எழுத்தின்மேல் பேனா ஓடும்போது எண்ணை யார் பார்க்கிறார்கள்? எந்த வரிசையில் ஓட்டினாலும் முடிவில் ஒரே வடிவம்தான் வருகிறது. ஓட்டி எழுதுவதில் உள்ள பெரிய குறை இதுதான்: தவறான வழியில் போனவரையும் சரியான ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

ஹிரகானாவில் இந்தத் தவறு பெரும்பாலும் எழுத்தின் அழகைத்தான் கெடுக்கும். கத்தகானாவிலோ சொல்லே மாறிவிடும். ‘ஷி’, ‘ட்சு’ இரண்டுக்கும் இரண்டு சிறு கோடும் ஒரு நீள வீச்சும்தான். ‘ஷி’யில் சிறு கோடுகள் இடப்பக்கம் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். நீள வீச்சு இடது அடியில் தொடங்கி வலப்பக்கம் மேலே ஏறும். ‘ட்சு’வில் சிறு கோடுகள் மேலே பக்கம்பக்கமாக நிற்கும். நீள வீச்சு வலது உச்சியில் தொடங்கி இடப்பக்கம் கீழே இறங்கும். ‘ன்’, ‘ஸோ’ இணையும் இப்படியே, சிறு கோடு மட்டும் ஒன்று குறைவு. ‘ன்’ ஏறும், ‘ஸோ’ இறங்கும்.

தமிழருக்கு இந்த இணை உடனே வேலைக்கு வந்துவிடும். நம் ஆண் பெயர்களில் பல ‘ன்’ என்றுதானே முடிகின்றன. அயல்நாட்டுப் பெயர்களைக் கத்தகானாவில் எழுதுவார்கள் என்பதால், முருகன் என்பது மு, ரு, க, ன் என்று நான்கு எழுத்தாகும். கடைசி வீச்சை மேலிருந்து இழுத்துவிட்டால் படிப்பவர் ‘முருகஸோ’ என்று கூப்பிடுவார். என் கணவரின் பெயரை ஒரு படிவத்தில் நான் அப்படித்தான் எழுதிக்கொடுத்து, இன்னொரு படிவம் வாங்கி மறுபடி எழுதினேன்.

வீச்சு எந்தப் பக்கம் போனது என்பதைக் கோடே காட்டிக்கொடுக்கும், எழுதுகோல் அதற்கு இடம்கொடுத்தால். பந்துமுனைப் பேனாவில் கோடு முழுக்க ஒரே தடிமன், ஒன்றும் தெரியாது. 2பி பென்சிலுக்கு மாறச் சொன்னார் ஆசிரியை. அழுத்தித் தொடங்கிய இடம் கறுத்துத் தடித்திருக்கும், கை எடுத்த இடம் கூர்ந்து மெலியும். ‘ஷி’யின் மெலிந்த நுனி மேலே இருக்க வேண்டும், ‘ட்சு’வின் நுனி கீழே. அன்று முதல் சாம்பல் கட்டங்களை விட்டுவிட்டேன். மாதிரியைப் பார்த்து வரிசையை வாயால் சொல்லிக்கொண்டு நேரே வெற்றுக் கட்டத்தில் எழுதுகிறேன்.

இன்னொன்று: தாள் அச்சான எழுத்துருவைப் பாருங்கள். சாதாரண அச்சில் ஹிரகானா ‘கி’, ‘ஸா’ எழுத்துகளின் கீழ்வளைவு மேற்பகுதியோடு ஒட்டியிருக்கும். கையெழுத்தில் அது பிரிந்து நிற்கும், ‘கி’க்கு நான்கு கோடு, ‘ஸா’வுக்கு மூன்று. பள்ளிப் பாடநூல் எழுத்துருவான கியோக்கஷோ-தாயில் அச்சிட்ட தாளே எழுதிப் பழகத் தகுந்தது.

எந்தச் சொல்லுக்கு எந்த எழுத்து என்பதில் தாள்கள் இன்னும் மெத்தனம். என்னிடம் இருந்த தொகுப்பில் படத்தைப் பார்த்துச் சொல்லை எழுதும் பக்கம் ஒன்று உண்டு. மேலே ‘அயற்சொல் என்றால் கத்தகானா’ என்று ஒரே வரி. காப்பிக்கு ‘கோஹீ’, ரொட்டிக்குப் போர்த்துக்கீசியர் வழிவந்த ‘பான்’, நம் கறி ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்த ‘கரே’ எல்லாம் அந்த வரிக்கு அடங்கிவிட்டன. அழிரப்பர் படம் வந்தது. ‘கெஷிகோமு’ முழுவதையும் கத்தகானாவில் எழுதினேன். விடைப்பக்கமும் அப்படியே இருந்தது. ஆசிரியை விடையையே சிவப்பால் திருத்தினார். ‘கெஷி’ அழிப்பதைக் குறிக்கும் ஜப்பானியச் சொல், அது ஹிரகானாவில் வர வேண்டும். ‘கோமு’ டச்சுக்காரர்களிடமிருந்து வந்த ரப்பர், அது மட்டும் கத்தகானா. சொல்லின் நடுவே வெட்ட வேண்டும். பல்துலக்கியான ‘ஹாபுராஷி’யும் அப்படியே: ‘ஹா’ பல், ‘புராஷி’ பிரஷ்.

வினைச்சொல்லில் இந்த வெட்டு இன்னும் தெளிவாகத் தெரியும். வேலைக்கோ வகுப்புக்கோ மட்டம்போடுவதை ‘ஸபோரு’ என்பார்கள். பிரெஞ்சுச் சொல் ‘சபோத்தாஜ்’ஜின் தலைப்பகுதி ‘ஸபோ’, அது கத்தகானா. ‘ரு’ ஜப்பானிய விகுதி, காலத்துக்கு ஏற்ப மாறும், ஆகவே ஹிரகானா. இப்போது எந்தச் சொல் வந்தாலும், வெளியிலிருந்து வந்தது எதுவரை என்று பென்சிலால் மெல்லிய கோடு போட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இந்த விதிக்கும் எல்லை உண்டு. மீன்கடை விலைச்சீட்டில் ‘ஸபா’, ‘மகுரோ’ என்று கத்தகானாவில் பார்த்து அயற்சொற்கள் என்றே நினைத்திருந்தேன். கானாங்கெளுத்திக்கும் சூரைக்கும் உரிய அசல் ஜப்பானியப் பெயர்கள் அவை. விலங்கு, செடி பெயர்களைக் கத்தகானாவில் எழுதும் வழக்கம் பரவலாக உண்டு. எதிர்ப்பக்கத்தில், போர்த்துக்கீசியர் தந்த ‘தபாகோ’வைப் பல கடைப் பலகைகளில் ஹிரகானாவில் பார்க்கலாம். அது அவ்வளவு காலமாக ஊரோடு ஊராகிவிட்டது.

நான் பார்த்த எந்தத் தாளும் இந்த இரண்டு சிக்கல்களையும் ஒரே சொல்லில் வைக்கவில்லை. அதனால் வாரம் ஒரு பக்கம் நானே கட்டம் போட்டுக்கொள்கிறேன். முதல் சொல் சட்டை, ‘ஷாட்சு’. முதல் கட்டத்தில் ‘ஷி’, வீச்சு ஏறும். அடுத்த கட்டத்தில் சிறிய ‘யா’. இடமிருந்து வலம் எழுதினால் அது கட்டத்தின் இடது கீழ்க்காலில் உட்காரும், மேலிருந்து கீழ் எழுதினால் வலது மேற்காலுக்குப் போகும். மூன்றாவது ‘ட்சு’, வீச்சு இறங்கும். பின்னால் ‘சட்டையை’ என்பதன் ‘ஐ’க்கு ஈடான ‘ஓ’ வருகிறது, அது ஹிரகானா. அடுத்த சொல் படுக்கைவிரிப்பு, ‘ஷீட்சு’. இங்கே நெடிலுக்கு ஒரு கோடு. மேலிருந்து கீழ் எழுதும்போது அந்தக் கோடும் நிமிர்ந்து நிற்கும். ஹிரகானாவில் அம்மாவைக் குறிக்கும் ‘ஒகாஸான்’ எழுதும்போது அந்தக் கோட்டைப் போடக் கூடாது, ‘அ’ எழுத்தையே சேர்க்க வேண்டும். மூன்றாவது சொல் ‘கொன்ஸொமே’ என்ற சூப். ‘ன்’னும் ‘ஸோ’வும் அடுத்தடுத்த கட்டங்களில், ஒன்று ஏறி ஒன்று இறங்கும். எழுதி முடித்ததும் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மெலிந்த நுனிகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பார்க்கிறேன். போன வாரப் பக்கத்தில் ஒரே ஒரு ‘ஸோ’ மட்டும் தப்பாக மேலே பார்த்தது.