செய்தித் தலைப்பா, பத்தித் தலைப்பா: கூகுள் தேடலில் எது எப்படி நிற்கிறது?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னை வேளச்சேரி வெள்ளத்தைப் பற்றி ஒரு செய்தியும், என் கருத்தைச் சொல்லும் ஒரு பத்தியும் எழுதினேன். செய்தித் தலைப்பு: "மிக்ஜாம் புயல்: வேளச்சேரியில் வீடுகளுக்குள் வெள்ளம்". பத்திக்கு "நீர் தன் வழியைத் தேடும்" என்று வைத்தேன்.

செய்தித் தலைப்பில் பெரிய சிக்கல் இல்லை. புயலின் பெயரையும் ஊரையும் முன்னால் போட்டால் போதும். ஆனால் அதன் ஆயுள் குறைவு. கூகுளுக்குக் கொடுக்கும் செய்திப் பக்கங்களின் பட்டியலான செய்தி சைட்மேப்பில் கடைசி இரண்டு நாள் கட்டுரைகளைத்தான் வைக்க வேண்டும். புயல் டிசம்பர் 5 அன்று ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. அப்புறம் அந்தச் செய்தியைத் தேடுபவர்களும் குறைந்துவிட்டார்கள்.

பத்தியின் ஆயுள் நீளம். வேளச்சேரியில் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்ற கேள்வி ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் திரும்பி வருகிறது. அதனால் நான் அதிக நேரம் செலவிடுவது பத்தித் தலைப்பில்தான்.

அடுத்த மழைக்காலத்தில், நம் பக்கம் தேடலில் எத்தனை பேருக்குத் தெரிந்தது, எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலைப் பார்த்தபோதுதான் குறை எங்கே என்று புரிந்தது. "வேளச்சேரி வெள்ளம்" என்று தேடியவர்களுக்கு என் பத்தி காட்டப்பட்டிருந்தது. கட்டுரைக்குள் அந்தச் சொற்கள் இருந்தன அல்லவா. ஆனால் சொடுக்கியவர்கள் மிகக் குறைவு. "நீர் தன் வழியைத் தேடும்" என்ற வரி அச்சில் படத்தோடும் துணைத்தலைப்போடும் சேர்ந்து பொருள் தரும். தேடல் பட்டியலில் தனியாக நிற்கும்போது அது கவிதையா, ஆன்மிகமா என்று தெரியாது.

அதனால் ஒரே பக்கத்துக்கு இரண்டு தலைப்பு வைத்தேன். தேடலுக்கு ஒன்று, படிப்பவருக்கு ஒன்று:

```html
<title>வேளச்சேரியில் வெள்ளம் ஏன் வடிவதில்லை? | கருத்து</title>
<h1>வேளச்சேரியில் நீர் தன் வழியைத் தேடுகிறது</h1>
```

இரண்டிலும் ஊர்ப் பெயர் இருப்பதைக் கவனியுங்கள். நாம் `<title>`-இல் கொடுப்பதைத்தான் கூகுள் காட்டும் என்ற உறுதி இல்லை. பக்கத்தில் தெரியும் பெரிய தலைப்பையும் எடுத்துக் காட்டலாம். எதை எடுத்தாலும் ஊர் தெரிய வேண்டும். ஊரை முதலிலேயே வைத்ததற்கும் காரணம் உண்டு: கைப்பேசித் திரையில் நீளமான தலைப்பின் கடைசிப் பகுதி வெட்டுப்படும். அப்படி வெட்டினால் போவது "கருத்து" என்ற சொல்தான். அதனால் கட்டுரையின் மேலேயும் "கருத்து" என்று போட்டுவிடுகிறேன். பத்தியைச் செய்தி என்று நினைத்து யாரும் உள்ளே வரக்கூடாது.

தலைப்பை மாற்றும்போது பக்கத்தின் இணைய முகவரியைத் தொடவில்லை. முகவரி மாறினால் பழைய இணைப்புகளுக்கு 301 திருப்பிவிடல் வைக்க வேண்டியிருக்கும். மறுபடி கூகுள் வந்து படித்த பிறகு சொடுக்குகள் கூடின. ஒரே பத்தியின் அனுபவம் இது. அந்த ஆண்டு மழையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

செய்திக்கு இந்த இரட்டைத் தலைப்பு வேண்டாம் என்றே நினைக்கிறேன். அங்கே ஒரே வரியை இரண்டு இடத்திலும் போடுகிறேன். நிலவரம் மாறினால் இரண்டையும் சேர்த்தே திருத்த வேண்டும். ஒன்றை மறந்தால் வடிந்த வெள்ளம் தேடலில் இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்.