பிரிவு வரிசையா, மூன்று வரியா? கம்பெனிச் சட்டக் குறிப்பு எழுதும் இரண்டு வழிகள்

சிங்கப்பூரில் கம்பெனிச் சட்டத் தாளுக்குப் படிப்பவர்களிடம் பெரும்பாலும் இரண்டு வகைக் குறிப்புகளைப் பார்க்கிறேன். ஒன்று, 1967ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தில் பிரிவுகள் எந்த வரிசையில் இருக்கின்றனவோ அதே வரிசையில் ஒவ்வொன்றையும் சுருக்கிக்கொண்டே போவது. இன்னொன்று, ஒரு பிரிவுக்கு மூன்றே வரி: விதி என்ன, எதற்காக அந்த விதி, யாருக்கு விலக்கு. நான் பகலில் நிறுவனச் செயலர் அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டு மாலையில் படித்தவள். மூன்று வரி முறையில்தான் எழுதினேன். வேலையிலும் இன்றுவரை அதே குறிப்புகளைத்தான் திறந்து பார்க்கிறேன். என் சாய்வு அந்தப் பக்கம்தான்.

பிரிவு வரிசைக் குறிப்பு சீக்கிரம் முடியும். தேடும் பிரிவு உடனே கிடைக்கும். சரியா தவறா என்று மட்டும் கேட்கும் கேள்விகளுக்கு அது போதும். சீனியர்களிடமிருந்து வாங்கிப் படிக்கும் பழைய குறிப்புகளும் பெரும்பாலும் இந்த வகைதான். அவற்றால் வரும் சிக்கலைப் பிறகு சொல்கிறேன். கதை போல ஒரு சூழ்நிலையைக் கொடுத்து ‘இந்த இயக்குநருக்கு என்ன ஆலோசனை சொல்வீர்கள்’ என்று கேட்கும் கேள்வியில்தான் இந்த முறை தடுமாறுகிறது.

162ஆம் பிரிவையே எடுத்துக்கொள்வோம். இயக்குநருக்கு நிறுவனம் கடன் கொடுப்பது பற்றியது. என் குறிப்பில் அது இப்படி இருக்கிறது:

விதி: எக்ஸெம்ப்ட் பிரைவேட் கம்பெனி அல்லாத நிறுவனம் தன் இயக்குநருக்கோ, தொடர்புடைய நிறுவனத்தின் இயக்குநருக்கோ கடன் தரக் கூடாது, அவர் வெளியில் வாங்கும் கடனுக்கு உத்தரவாதமும் தரக் கூடாது. அவருடைய துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ தந்தாலும் அவருக்கே தந்ததாகத்தான் கணக்கு.

நோக்கம்: நிறுவனப் பணத்தைக் கையாளும் அதிகாரம் உள்ளவரே அதைத் தனக்குக் கடனாக எடுத்துக்கொண்டால், தட்டிக்கேட்க வேண்டிய இடத்தில் அவரே உட்கார்ந்திருக்கிறார். நஷ்டம் மற்றப் பங்குதாரர்களுக்கும் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கும்.

விலக்கு: நிறுவன வேலைக்காக அவர் செய்யும் செலவுக்குத் தரும் பணம், முழுநேர ஊழியராகவும் இருக்கும் இயக்குநர் தான் குடியிருக்க வீடு வாங்குவதற்கான ஒரே ஒரு கடன், பொதுக்கூட்டம் ஏற்ற ஊழியர் கடன் திட்டம், கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டு நாணய ஆணையத்தின் கண்காணிப்பில் இயங்கும் நிறுவனம்.

அலுவலகத்தில் எக்ஸெம்ப்ட் பிரைவேட் கம்பெனியை ஈபிசி என்றே சொல்வோம். உறுப்பினர்கள் 20 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. எந்த நிறுவனமும் நேராகவோ சுற்றி வளைத்தோ அதில் பங்கு வைத்திருக்கக் கூடாது. இந்த வரையறை 4ஆம் பிரிவில் இருக்கிறது, தடை 162இல் இருக்கிறது. வரிசைக் குறிப்பில் இரண்டுக்கும் நடுவே எத்தனையோ பக்கங்கள். அதனால்தான் என்னோடு படித்த தம்பி ஒருவர், “அக்கா, பிரைவேட் கம்பெனிக்குத்தான் 162 கிடையாதே?” என்று உறுதியாகக் கேட்டார். பிரைவேட் என்பதற்காக விலக்கு இல்லை. முதலாளியும் நிர்வாகியும் அநேகமாக அதே சில மனிதர்களாக இருப்பதால்தான் விலக்கு. நோக்கத்தைப் பக்கத்திலேயே எழுதிவைத்தால் இந்த வேறுபாடு மனத்தில் நிற்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பிரைவேட் கம்பெனி. அண்ணன், தம்பி, தங்கை மூவரிடமும் 90 விழுக்காட்டுப் பங்கு; மீதி 10 ஒரு முதலீட்டு நிறுவனத்திடம். முழுநேர இயக்குநரான அண்ணன் வீடு வாங்க 200,000 வெள்ளி கேட்கிறார். தரலாமா?

உறுப்பினர்கள் நால்வர்தான், 20க்கு வெகு கீழே. ஆனால் ஒருவர் நிறுவனமாக இருப்பதால் இது ஈபிசி இல்லை, தடை பொருந்தும். அடுத்து விலக்கைப் பார்க்க வேண்டும். முழுநேர வேலை, சரி. அந்த வீட்டில் அவரே குடியிருப்பாரா? வாடகைக்கு விடுவதற்கு என்றால் விலக்கு அங்கேயே முடிந்தது, ஏனென்றால் அந்தச் சலுகை ஊழியரின் குடியிருப்புக்காக வந்தது, முதலீட்டுக்காக அல்ல. முன்பே ஒரு வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறதா? இருந்தால் இரண்டாவது கிடையாது. இவையெல்லாம் சரியென்றாலும் வேலை முடியவில்லை. தொகையையும் காரணத்தையும் பொதுக்கூட்டத்தில் சொல்லி முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டும். இல்லையென்றால், அடுத்து வரும் ஆண்டுப் பொதுக்கூட்டத்திற்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் அந்தக் கூட்டம் முடிந்த ஆறு மாதத்தில் திருப்பித் தருவதாக நிபந்தனை போட்டுக் கொடுக்க வேண்டும். மாணவர்கள் அதிகம் விடுவது இந்த ஒப்புதல் படியைத்தான். ‘வீட்டுக் கடன், விலக்கு உண்டு’ என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வியின் அடுத்த பகுதி அநேகமாக இப்படித் திரும்பும்: அண்ணன் மனம் மாறி, தன் மனைவி 25 விழுக்காடு வைத்திருக்கும் வேறொரு கம்பெனிக்குக் கடன் கொடுக்கச் சொல்கிறார். இங்கே 163ஆம் பிரிவு வருகிறது. கடன் வாங்கும் கம்பெனியின் வாக்குரிமையில் 20 விழுக்காடோ அதற்கு மேலோ கொடுக்கும் கம்பெனியின் இயக்குநர்களிடம் இருந்தால் தடை. மனைவியின் பங்கு கணவரின் பங்காகவே எண்ணப்படும். பொதுக்கூட்டம் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் தரலாம். ஆனால் அந்த வாக்கெடுப்பில் சம்பந்தப்பட்ட இயக்குநரும் அவர் குடும்பத்தாரும் ஒதுங்கியிருக்க வேண்டும். குடும்பம் என்று சட்டம் இங்கே சொல்வது துணைவரையும் பிள்ளைகளையும். உடன்பிறந்தவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தம்பியும் தங்கையும் முதலீட்டு நிறுவனமும் வாக்களிக்கலாம். மூன்று வரியில் எழுதியிருந்தால் 162, 163 இரண்டுக்கும் நோக்க வரி ஒன்றுதான் என்பது தெரியும்: முடிவு எடுப்பவரும் பலன் அடைபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. ஒன்று நினைவுக்கு வந்தாலே மற்றதும் கூடவே வந்துவிடும்.

ஆனாலும் நான் இந்த முறையை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் தேர்வு அல்ல, பராமரிப்பு. சட்டம் மாறும்போது எந்தக் குறிப்பைத் திருத்துவது எளிது என்பதுதான் எனக்குத் தீர்ப்பான விஷயம்.

நிறுவனச் சட்டத்தில் 2014ஆம் ஆண்டுத் திருத்தம் பெரியது. அதற்கு முன் கணக்காய்விலிருந்து விலக்கு பெற வேண்டுமென்றால், ஈபிசியாக இருந்து ஆண்டு வருமானம் 5 மில்லியன் வெள்ளியைத் தாண்டாமல் இருக்க வேண்டும். இப்போது 205C பிரிவு ‘சிறிய நிறுவனம்’ என்ற அளவைப் பார்க்கிறது: பிரைவேட் கம்பெனியாக இருந்து, வருமானம் 10 மில்லியனுக்குள், சொத்து 10 மில்லியனுக்குள், ஊழியர்கள் 50 பேருக்குள் என்ற மூன்றில் இரண்டை, முந்தைய இரண்டு நிதியாண்டுகளிலும் நிறைவேற்ற வேண்டும். குழுமத்தில் ஒன்று என்றால் குழுமம் முழுவதும் சேர்ந்தும் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும்.

பழைய வரிசைக் குறிப்பை வைத்திருப்பவர் எண்ணை மட்டும் திருத்துவார், 5 என்பதை 10 ஆக்குவார். அது போதாது. மாறியது எண் மட்டுமல்ல, காரணம். யார் முதலாளி என்பதைப் பார்த்த விதி, நிறுவனம் எவ்வளவு பெரியது என்பதைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. ஒரு நிறுவனப் பங்குதாரர் இருந்தாலும் இன்று கணக்காய்வு விலக்கு கிடைக்கலாம். அதே கம்பெனிக்கு இயக்குநர் கடன் விலக்கு கிடைக்காது. சற்றுமுன் பார்த்த அண்ணன் தம்பி கம்பெனி அப்படிப்பட்டதாக இருக்கலாம். மூன்று வரிக் குறிப்பில் நான் 205Cஇன் நோக்க வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். மற்ற இரண்டு வரிகளும் தாமாக மாறின. 162இன் பக்கத்தில் ஈபிசி அப்படியே நின்றது.

இன்னொன்று: 2018ஆம் ஆண்டு நொடிப்புச் சட்டம் 2020 ஜூலை 30இல் நடைமுறைக்கு வந்தபோது, நிறுவனத்தைக் கலைப்பது பற்றிய பகுதி நிறுவனச் சட்டத்திலிருந்தே வெளியேறியது. நீதிமன்றம் கலைக்க உத்தரவிடும் 254ஆம் பிரிவு அங்கே 125ஆம் பிரிவானது. வரிசைக் குறிப்பின் கடைசிப் பகுதி முழுதையும் மறுபடி எழுத வேண்டியதாயிற்று. மூன்று வரியில் பெரும்பாலும் தலைப்பு எண்தான் மாறியது.

திருத்தத்தைக் கண்டுபிடிப்பதும் கடினமில்லை. Singapore Statutes Online தளத்தில் உட்பிரிவுகளின் அடியில் [36/2014] போன்ற அடைப்புக்குறி இருக்கும். அது எந்த ஆண்டின் எந்தச் சட்டம் அதைத் திருத்தியது என்பதைச் சொல்கிறது. உங்கள் குறிப்பின் ஓரத்திலும் அதை எழுதிவையுங்கள். சீனியர் தந்த தாளில் அந்த அடையாளமே இல்லையென்றால், அல்லது சட்டத்தின் பெயர் இன்னும் ‘அத்தியாயம் 50’ என்றிருந்தால், அதிலுள்ள எந்த எண்ணையும் தளத்தில் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

வரித் தாளைப் பொறுத்தவரை என் அனுபவம் குறைவு. ஒரு தாள்தான் எழுதியிருக்கிறேன், வேலையில் வருமான வரி என் மேசைக்கு அதிகம் வராது. அங்கே இந்த முறை பாதி வேலைதான் செய்தது. 1947ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 37ஆம் பிரிவில், நஷ்டத்தை அடுத்த ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்ல வேண்டுமானால் பங்குகளில் 50 விழுக்காடாவது அதே பங்குதாரர்களிடம் இருக்க வேண்டும். நஷ்டப்பட்ட கம்பெனியை அதன் நஷ்டத்துக்காகவே விலைக்கு வாங்குவதைத் தடுப்பது நோக்கம். வரியைக் குறைப்பதற்காகப் பங்கு கைமாறவில்லை என்று காட்டினால் விலக்கு கேட்கலாம். கிடைத்தாலும் அதே தொழிலின் லாபத்தில்தான் கழிக்க முடியும். நோக்கத்தைப் புரிந்தவருக்கு இந்தக் கடைசி நிபந்தனை ஏன் வந்தது என்று சொல்லித் தர வேண்டாம்.

ஆனால் எந்தத் தேதிகளை ஒப்பிடுவது என்பதை நோக்கம் சொல்லாது. 2021இல் வந்த நஷ்டத்தை 2025 மதிப்பீட்டு ஆண்டில் கழிக்க வேண்டுமென்றால், 2021 டிசம்பர் 31இலும் 2025 ஜனவரி 1இலும் இருந்த பங்குதாரர்களைப் பார்க்க வேண்டும். மூலதனப் படிகளுக்கு 23ஆம் பிரிவில் தேதியும் வேறு, அதே தொழில் தொடர வேண்டும் என்ற சோதனையும் கூடுதல். இதெல்லாம் மனப்பாடம்தான். வரிக்கு நான் மூன்று வரியோடு நான்காவதாக ‘தேதி, அளவு’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டேன். விகிதங்களையும் தள்ளுபடிகளையும் அதில் எழுதவில்லை. பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறக்கூடியவை என்பதால் அவற்றுக்குத் தனித்தாள்.

தேர்வுக்குச் சில வாரங்கள்தான் இருக்கின்றன, கையில் வரிசைக் குறிப்பு மட்டும் இருக்கிறது என்றால் முழுவதையும் மாற்றி எழுத உட்கார வேண்டாம். விலக்குகள் அதிகமாக உள்ள பிரிவுகளை மட்டும் மூன்று வரிக்கு மாற்றுங்கள்: 76, 162, 163, 205C. பங்கு வாங்க நிறுவனமே நிதி உதவி செய்வதைத் தடுக்கும் 76ஐ முதலில் எடுங்கள். 2014 திருத்தத்திற்குப் பிறகு அந்தத் தடை பொது நிறுவனங்களுக்கும், பொது நிறுவனத்தைத் தாய் நிறுவனமாகக் கொண்டவற்றுக்கும்தான். பழைய தாள்களில் அது இன்னும் எல்லா நிறுவனங்களுக்குமானதாக எழுதப்பட்டிருக்கும்.