ஒரே படம், இரண்டு வெளிச்சம்: கிரேடியன்டா, கர்வ்ஸா?

கல்யாண மண்டபத்தில் எடுத்த குடும்பப் படம். இடப்பக்கம் ஜன்னல் வெளிச்சத்தில் நின்றவர்கள் நீலம் தட்டியிருந்தார்கள், வலப்பக்கம் பல்பின் கீழ் நின்றவர்கள் மஞ்சள் பூசியதுபோல் இருந்தார்கள்.

லைட்ரூமில் வலப்பக்கத்திலிருந்து Linear Gradient இழுத்து Temp-ஐ நீலப் பக்கம் நகர்த்தினேன். இரண்டே நிமிடம். வெளிச்சம் படிப்படியாக மாறும் இடங்களில் இது அழகாகப் பொருந்தும். ஆனால் பல்புக்கு நேர் கீழே நின்ற சித்தப்பா மட்டும் மஞ்சளாகவே இருந்தார். அவருக்காக இன்னும் நகர்த்தினால் பக்கத்தில் நின்றவர்கள் நீலமாகிவிடுகிறார்கள்.

அவருக்கு போட்டோஷாப்பின் Curves லேயர்தான் சரிப்பட்டது. முகத்தைப் பார்த்து அளக்கவில்லை, வேட்டியைப் பார்த்தேன். ஒவ்வொருவர் நிறமும் இயல்பிலேயே வேறு. வெள்ளை வேட்டி எல்லோருக்கும் ஒன்றுதானே! Info பேனலில் அவர் வேட்டி R 232, G 214, B 178 என்று காட்டியது. Blue கர்வை நன்றாகவும் Green-ஐக் கொஞ்சமும் உயர்த்தி, மூன்றும் நெருங்கியதும் நிறுத்தினேன். லேயரை Color மோடில் வைத்ததால் வெளிச்ச அளவு மாறவில்லை, மாநிறக்காரர் வெளுத்துப்போகவும் இல்லை. அப்புறம் மாஸ்க்கை Ctrl+I அழுத்திக் கருப்பாக்கி, மென்மையான வெள்ளை பிரஷ்ஷால் அவர்மேல் மட்டும் தடவினேன். காதோரமும் முடியோரமும் நீலக்கோடு தெரிந்தால் பிரஷ் வெளியே போய்விட்டது என்று அர்த்தம்.

பத்துப் பேருக்கு இப்படிச் செய்தால் மாலையே போய்விடும். அதனால் முதலில் கிரேடியன்ட், அதற்கு அடங்காதவருக்கு மட்டும் கர்வ்ஸ்.