பதினைந்தாண்டு பழைய சான்றிதழ்: காலாவதியான சிசிஎன்ஏவும் காலாவதியே ஆகாத எஸ்சிஜேபியும்

2010ஆம் ஆண்டு வாக்கில் தகவல் தொழில்நுட்பத் துறைக்குள் நுழைந்தவர்களில் பலர் இரண்டு சான்றிதழ்களில் ஒன்றையாவது எழுதித் தேறியிருப்பார்கள். வலையமைப்புப் பக்கம் போனவர்கள் சிஸ்கோவின் சிசிஎன்ஏவையும், நிரலாக்கப் பக்கம் போனவர்கள் சன் நிறுவனத்தின் ஜாவா சான்றிதழான எஸ்சிஜேபியையும் தேர்ந்தெடுத்தார்கள். இன்று இவ்விருவரும் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அந்தப் பழைய சான்றிதழைக் குறிப்பிடலாமா, குறிப்பிட்டால் எப்படிக் குறிப்பிடுவது என்ற ஐயம் இருவருக்கும் எழுகிறது. ஆனால் இருவருக்கும் ஒரே விடையைச் சொல்ல முடியாது.

சிசிஎன்ஏவுக்கு மூன்றாண்டு ஆயுள் உண்டு. 2010 மே மாதம் 640-802 என்ற எண்ணுள்ள தேர்வில் தேறியவர், இடையில் சிசிஎன்பி போன்ற மேல்நிலைத் தேர்வு எதையும் எழுதிப் புதுப்பிக்காதிருந்தால், 2013 மே மாதத்தோடு அவருடைய சான்றிதழ் முடிந்துவிட்டது. அந்தத் தேர்வே பின்னர் கைவிடப்பட்டு, 2020 பிப்ரவரியிலிருந்து 200-301 என்ற புதிய தேர்வு நடப்பில் இருக்கிறது. எஸ்சிஜேபியின் நிலை வேறு. அதற்குக் காலாவதித் தேதி கிடையாது. 2010 ஜனவரியில் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கிய பிறகு பெயர் மாறியதே தவிர, ஜாவா 6க்காகப் பெற்ற சான்றிதழ் இன்றும் செல்லும்.

ஏட்டளவில் பார்த்தால் எஸ்சிஜேபிக்கே வெற்றி. ஆயினும் அவ்விரண்டும் உணர்த்தும் அறிவைப் பார்த்தால் படம் கிட்டத்தட்டத் தலைகீழாகிவிடுகிறது. பழைய சிசிஎன்ஏவில் படித்த சப்நெட்டிங், விலான், ஸ்பானிங் ட்ரீ, ஓஎஸ்பிஎஃப் ஆகியவை இன்றைய அலுவலக வலையமைப்பிலும் அப்படியே வேலை செய்கின்றன. ஃப்ரேம் ரிலே போன்ற சில பகுதிகள்தாம் வழக்கொழிந்தன. இன்றைய பாடத்திட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தானியக்கத்துக்கும் நிரல்வழிக் கட்டுப்பாட்டுக்கும் ஒதுக்கப்பட்டுள்ளது என்பதே கவனிக்கத்தக்க மாற்றம். ஜாவாவிலோ 2014இல் வந்த எட்டாம் பதிப்பு லாம்டாவையும் ஸ்ட்ரீம்களையும் கொண்டுவந்து, நிரல் எழுதும் முறையையே மாற்றியது. ஆகவே செல்லுபடியாகும் எஸ்சிஜேபி பழைய அறிவுக்கும், செல்லாத சிசிஎன்ஏ பெரும்பகுதி நடப்பு அறிவுக்கும் சாட்சியாக நிற்கின்றன.

இந்த முரண், விண்ணப்பத்தைப் பார்ப்பவர் யார் என்பதைப் பொறுத்து வெவ்வேறு விளைவு தரும். கோயம்புத்தூரில் பதினைந்தாண்டாக வலையமைப்புப் பொறியாளராக இருக்கும் ஒருவர், 2010இல் பெற்ற சிசிஎன்ஏவோடு இரண்டு இடங்களுக்கு விண்ணப்பிப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் இடம் சிஸ்கோவின் கூட்டாளி நிறுவனம். அத்தகைய நிறுவனங்கள் தங்கள் கூட்டாளித் தகுதிநிலையைத் தக்கவைத்துக்கொள்ளவும், ஒப்பந்தப்புள்ளிகளில் கேட்கப்படும் நிபந்தனையை நிறைவு செய்யவும், நடப்பில் உள்ள சான்றிதழ் கொண்டவர்களை எண்ணிக் காட்ட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கில் 2013இல் முடிந்த சான்றிதழின் மதிப்பு சுழியம். இரண்டாவது இடம் ஒரு வங்கியின் சொந்த வலையமைப்புப் பிரிவு. அங்கே கணக்குக் காட்டும் கட்டாயம் இல்லாவிட்டால், இவருடைய அடித்தளம் முறையான படிப்பில் அமைந்தது என்பதற்கு அந்தப் பழைய சான்றிதழ் ஒரு சிறு ஆதாரமாகும். சிறு ஆதாரம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பதினைந்தாண்டு அனுபவத்துக்குப் பக்கத்தில் அதற்கு வேறு எடை இல்லை.

இவர் முன் நான்கு வழிகள் உள்ளன. முதல் வழி, தேதியைக் குறிப்பிடாமல் "சிசிஎன்ஏ சான்றிதழ் பெற்றவர்" என்று மட்டும் எழுதுவது. பரவலாகப் பின்பற்றப்படும் இவ்வழியே நான்கிலும் மோசமானது. படிப்பவர் அதை நடப்புச் சான்றிதழ் என்று எடுத்துக்கொள்வார். பின்னணிச் சரிபார்ப்பின்போது சான்றிதழ் எண்ணையோ சரிபார்ப்பு இணைப்பையோ கேட்டால் காலாவதி ஆனது தெரிந்துவிடும். அந்நேரத்தில் "நான் பொய் சொல்லவில்லை, தேதியைத்தான் சொல்லவில்லை" என்ற விளக்கம் எடுபடாது. லிங்க்ட்இன்னில் முடிவுத் தேதிக்கான இடத்தை வெறுமையாக விடுவதும், பெயருக்குப் பின்னால் அந்த எழுத்துகளைச் சேர்ப்பதும், சான்றிதழின் இலச்சினையை ஒட்டுவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

இரண்டாவது வழி முற்றாக நீக்கிவிடுவது. கூட்டாளி நிறுவனத்துக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் இதைத் தாராளமாகச் செய்யலாம், எண்ணிக்கைக்கு உதவாத சான்றிதழ் அங்கே "ஏன் புதுப்பிக்கவில்லை?" என்ற கேள்வியைத்தான் வரவழைக்கும். மூன்றாவது வழி ஆண்டுகளோடு எழுதுவது: கல்வித் தகுதிக்குக் கீழே, ரெஸ்யூமேவின் இறுதிப் பகுதியில், "சிசிஎன்ஏ, 2010–2013" என்று ஒரே வரி. இரண்டு ஆண்டுகளும் இருப்பதால் யாரும் ஏமாறப் போவதில்லை. தனியாகக் "காலாவதியானது" என்று சேர்க்க வேண்டிய தேவையும் இல்லை. வங்கிக்கு அனுப்பும் விண்ணப்பத்துக்கு நான் பரிந்துரைப்பது இதையே. ஆனால் அந்த வரி தனியே நிற்கக் கூடாது. அனுபவப் பகுதியில் "மூன்று கிளை அலுவலகங்களை ஓஎஸ்பிஎஃப் வழியே இணைத்தேன்" என்பது போன்ற, தாம் உண்மையிலேயே செய்த பணி ஒன்று சொல்லப்பட்டிருந்தால்தான் பழைய படிப்பு இன்னும் கையில் இருப்பது தெரியும்.

நான்காவது வழி மீண்டும் தேர்வெழுதுவது. இங்கேதான் பலர் தவறான தேர்வைத் தேர்ந்தெடுக்கிறார்கள். காலாவதியான சான்றிதழைத் தொடர்கல்விப் புள்ளிகளால் உயிர்ப்பிக்க முடியாது என்பதால், பழைய சிசிஎன்ஏவையே மறுபடி எழுத வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆனால் 2020 பிப்ரவரி மாற்றத்துக்குப் பிறகு சிசிஎன்பி எழுதுவதற்குச் சிசிஎன்ஏ முன்தகுதியாக இல்லை. பதினைந்தாண்டு அனுபவம் உள்ளவர் நேராகச் சிசிஎன்பியின் 350-401 என்ற மையத் தேர்வை எழுதலாம். அதில் மட்டும் தேறினாலே தனியாக ஒரு வல்லுநர் சான்றிதழ் கிடைக்கும். இன்னொரு விருப்பத் தேர்வில் தேறினால் சிசிஎன்பி முழுமையாகும். புதிதாகச் சேர்பவருக்கான சான்றிதழை நாற்பதை நெருங்கும் வயதில் புதுத் தேதியோடு காட்டுவதைவிட இது பொருத்தமாக இருக்கும் என்பது என் கருத்து. வேலை விளம்பரத்தில் சிசிஎன்ஏ என்ற பெயரே கட்டாயமாகக் கேட்கப்பட்டு, உடனடியாகச் சேர வேண்டியிருந்தால் மட்டும் 200-301 சரியான முடிவு.

எஸ்சிஜேபி வைத்திருப்பவருக்கு இத்தனை வழிகளை எடைபோடும் தேவை இல்லை. அவர் பதிப்பு எண்ணை மறைக்காமல் "எஸ்சிஜேபி, ஜாவா 6, 2010" என்று எழுதினால் போதும். ஆரக்கிளின் புதிய பட்டப்பெயரை மட்டும் போட்டுப் பதிப்பை விட்டுவிட்டால், இன்றைய பதிப்பில் தேறியவர் என்று படிப்பவர் நினைக்க இடமுண்டு. காலாவதி இல்லாத சான்றிதழிலும் சிக்கல் நுழையும் இடம் அதுதான். அதற்கு அடுத்தே தாம் அண்மையில் எந்த ஜாவாப் பதிப்பில் பணியாற்றினார் என்பதையும் எழுதிவிட்டால், நேர்காணலில் முதல் கேள்வி 2010இல் எழுதிய தேர்வைப் பற்றி இராமல் அந்தப் பணியைப் பற்றியே இருக்கும்.