வேலை, ஆற்றல், திறன்: விசை வழியா, ஆற்றல் வழியா?

1200 கிலோகிராம் நிறையுள்ள ஒரு கார். நேரான சமதளச் சாலையில் மணிக்கு 36 கிலோமீட்டரிலிருந்து 72 கிலோமீட்டருக்குச் சீரான முடுக்கத்துடன் வேகமெடுக்கிறது. இதற்கு 10 வினாடி ஆகிறது. காற்றுத் தடையும் சாலையின் தடையும் சேர்ந்து 300 நியூட்டன். எஞ்சின் செய்த வேலை எவ்வளவு? சராசரித் திறன் எவ்வளவு? பத்தாவது வினாடி முடியும் கணத்தில் திறன் எவ்வளவு?

வேலை, ஆற்றல், திறன் பாடத்தின் பயிற்சித்தாளில் இந்த மாதிரிக் கணக்கு ஒன்றாவது இருக்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. விசையைக் கண்டுபிடித்துத் தூரத்தால் பெருக்குவது ஒன்று. தொடக்க, இறுதி ஆற்றல்களின் வித்தியாசத்தை எடுப்பது இன்னொன்று. இரண்டும் ஒரே விடையைத் தரவேண்டும். ஆனால் எந்த இடத்தில் எது சுருக்கமாக முடியும், எது காலை வாரிவிடும் என்பது வேறு வேறு. இந்த ஒரே காரை வைத்தே அதைப் பார்க்கலாம்.

எந்த வழியில் போனாலும் முதலில் வேகத்தை மீட்டர்/வினாடிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். 3.6 ஆல் வகுத்தால் 36 என்பது 10 ஆகிறது, 72 என்பது 20 ஆகிறது.

விசை வழி

வேகம் 10 வினாடியில் 10 மீட்டர்/வினாடி கூடியிருக்கிறது. ஆகவே முடுக்கம் 1 மீட்டர்/வினாடி². நிகர விசை F = ma, அதாவது 1200 நியூட்டன். தடை 300 நியூட்டனையும் எஞ்சின்தான் சமாளிக்க வேண்டும் என்பதால் எஞ்சின் தரும் விசை 1500 நியூட்டன். முடுக்கம் சீரானது, எனவே சராசரி வேகம் 15 மீட்டர்/வினாடி. கடந்த தூரம் 150 மீட்டர்.

W = Fs = 1500 × 150 = 225000 ஜூல்

ஆற்றல் வழி

இயக்க ஆற்றல் மாற்றம் ½m(v² − u²). அதாவது 600 × (400 − 100) = 180000 ஜூல். இது நிகர விசை செய்த வேலை மட்டுமே. தடைக்கு எதிராகச் செய்த வேலை 300 × 150 = 45000 ஜூல். இரண்டையும் கூட்டினால் அதே 225000 ஜூல்.

இந்தக் கணக்கில் இரண்டு வழிக்கும் உழைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். தடையின் வேலைக்குத் தூரம் தேவைப்பட்டதால் ஆற்றல் வழியாலும் 150 மீட்டரைத் தவிர்க்க முடியவில்லை. அப்படியும் நான் ஆற்றல் வழியைத்தான் முதலில் எழுதச் சொல்வேன். காரணம், சீரான முடுக்கம் என்ற சொல்லைக் கேள்வியிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். F = ma கொண்டு ஒரே விசையை எழுத முடியாது; சராசரி வேகம் 15 என்று சொல்லவும் முடியாது. 180000 ஜூல் மட்டும் அப்படியே நிற்கும். கார் எப்படி வேகமெடுத்தாலும் சரி, தொடக்க வேகமும் இறுதி வேகமும் அவையேயானால் இயக்க ஆற்றல் மாற்றமும் அதுவே. தடையின் வேலைக்கு மட்டும் தூரத்தைக் கேள்வியே தந்தாக வேண்டும்.

ஆற்றல் வழியில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. ½m(v² − u²) என்பதை ½m(v − u)² என்று எழுதிவிடுவார்கள். அப்போது 600 × 100 = 60000 ஜூல் வரும், சரியான விடையில் மூன்றில் ஒரு பங்கு. ஓய்விலிருந்து கிளம்பும் கணக்குகளில் u பூச்சியம் என்பதால் இரண்டு எழுத்தும் ஒரே விடையைத் தரும். தவறு வெளியே தெரியாது. பயிற்சித்தாளின் முதல் சில கணக்குகள் சரியாகி, ஓடிக்கொண்டிருக்கும் வண்டி வந்ததும் விடை பிசகினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். விசை வழியில் இந்த ஆபத்து இல்லை. அதனால் அதைச் சரிபார்ப்புக்கு வைத்துக்கொள்வது நல்லது.

திறனுக்கு எது: W/t அல்லது Fv?

சராசரித் திறனுக்கு W/t நேராகப் போகிறது: 225000 / 10 = 22500 வாட், அதாவது 22.5 கிலோவாட். இறுதிக் கணத்துத் திறனுக்கு Fv: 1500 × 20 = 30000 வாட், அதாவது 30 கிலோவாட். இரண்டு விடைகளும் சரி; இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கானவை. எஞ்சினின் விசை மாறவில்லை, ஆனால் கார் ஒவ்வொரு வினாடியும் முந்தைய வினாடியைவிட அதிகத் தூரம் போகிறது. அதனால் ஒரு வினாடியில் செய்யப்படும் வேலையும் கூடிக்கொண்டே போகிறது. தொடக்கக் கணத்தில் 15 கிலோவாட், இறுதியில் 30, நடுவில் சராசரி 22.5.

கேள்வியில் ‘சராசரி’ என்று இருக்கிறதா, ‘அந்தக் கணத்தில்’ என்று இருக்கிறதா என்று பார்க்காமல் கையில் இருக்கும் வேகத்தை Fv-யில் போடுவதுதான் இங்கே நடக்கும் கோளாறு. விசை மாறாமல் இருந்தால் Fv-யில் சராசரி வேகத்தைப் போட்டுச் சராசரித் திறனை எடுக்கலாம். 1500 × 15 அதே 22500 வாட்டைத் தருவது அதனால்தான். விசையும் மாறினால் இந்தக் குறுக்கு வழி செல்லாது, W/t மட்டுமே நம்பத்தக்கது.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. அதே கார் இப்போது மணிக்கு 72 கிலோமீட்டரில் மாறா வேகத்தில் போகிறது என்று வையுங்கள். தடையும் அதே 300 நியூட்டன்தான். முடுக்கம் இல்லை என்பதால் எஞ்சின் விசையும் 300 நியூட்டன். Fv = 300 × 20 = 6000 வாட். ஒரே வரியில் முடிந்தது. W/t கொண்டு போக வேண்டுமானால் ஒரு நேரத்தை நாமே கற்பித்து, தூரம் கண்டு, வேலை கண்டு, மறுபடி அதே நேரத்தால் வகுக்க வேண்டும். மாறா வேகம் என்று கண்ணில் பட்டால் Fv-க்கே போங்கள்.

மேட்டில் ஏறும்போது

அந்தக் கார் அதே மாறா வேகத்தில் ஒரு மேட்டில் ஏறட்டும். சாலையில் 20 மீட்டருக்கு 1 மீட்டர் ஏற்றம். g-க்கு 9.8 எடுத்துக்கொள்வோம்.

விசை வழியில், சரிவுக்கு இணையாக இழுக்கும் எடையின் கூறு mg sin θ. sin θ என்பது 1/20. ஆக 1200 × 9.8 / 20 = 588 நியூட்டன். தடையோடு 888 நியூட்டன். 20-ஆல் பெருக்கினால் 17760 வாட்.

ஆற்றல் வழியில், ஒரு வினாடியை மட்டும் எடுத்துக்கொள்வோம். அந்த வினாடியில் கார் 20 மீட்டர் போகிறது, 1 மீட்டர் உயர்கிறது. நிலை ஆற்றல் mgh = 1200 × 9.8 × 1 = 11760 ஜூல் கூடுகிறது. தடைக்கு 300 × 20 = 6000 ஜூல். மொத்தம் ஒரு வினாடிக்கு 17760 ஜூல், அதாவது 17760 வாட்.

இங்கே ஆற்றல் வழி எனக்கு மிகவும் பிடிக்கும். sin-ஆ cos-ஆ என்ற தடுமாற்றமே எழவில்லை. வளைந்து நெளிந்து ஏறும் பாதையானால் விசை வழியில் கோணம் இடத்துக்கு இடம் மாறும். mgh-க்கு மொத்த உயரம் மட்டும் போதும். தடைக்கு மட்டும் பாதையின் நீளம் தேவை.

ஒரு எச்சரிக்கை: புவியீர்ப்பை ஒரு முறைதான் கணக்கில் சேர்க்க வேண்டும். சிலர் mgh-ஐயும் எழுதி, mg sin θ × s-ஐயும் எழுதி இரண்டையும் கூட்டுவார்கள். 588 × 20-ஐப் பெருக்கிப் பாருங்கள், 11760. இரண்டும் ஒரே வேலையின் இரண்டு முகங்கள். நிலை ஆற்றலாக எழுதிவிட்டால் எடையை விசைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டும்.

அலகை முதலில் மாற்றுவதா, கடைசியிலா?

இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: முதலில். கேள்வியிலுள்ள எண்களை எடுத்தெழுதும்போதே கிலோகிராம், மீட்டர், வினாடி ஆக்கிவிட வேண்டும். கடைசியில் மாற்றிக்கொள்ளலாம் என்று விடுபவர்கள் வேகத்தில் மாட்டுவார்கள். நம் காரின் 36, 72 இரண்டையும் அப்படியே ½m(v² − u²)-இல் போட்டால் 600 × (5184 − 1296), அதாவது 2332800 வருகிறது. கடைசியில் 3.6 ஆல் வகுத்தால் 648000. அதுவும் தவறு. வேகம் வர்க்கமாகப் போயிருப்பதால் 3.6-இன் வர்க்கமான 12.96 ஆல் வகுக்க வேண்டும். அப்போதுதான் 180000 கிடைக்கும்.

இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டால் விடைத்தாளில் தவறின் ஊற்றைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் விடையைச் சரியான விடையால் வகுத்துப் பாருங்கள். 12.96 வந்தால் இயக்க ஆற்றலில் வேகம் மாறாமல் போயிருக்கிறது. 3.6 வந்தால் Fv-யில் போயிருக்கிறது. 1000 வந்தால் கிராமோ கிலோவாட்டோ இடம் மாறியிருக்கும். சுருள்வில்லின் ½kx²-இல் k நியூட்டன்/மீட்டரில் இருக்க, x-ஐச் சென்டிமீட்டரில் போட்டவருக்கு 10000 வரும்.

முதலில் மாற்று என்ற விதிக்கு ஒரு விலக்கு கிலோவாட் மணி. 2 கிலோவாட் மோட்டார் 30 நிமிடம் ஓடினால் எத்தனை கிலோவாட் மணி என்று கேட்டால், வாட்டுக்கும் வினாடிக்கும் போய்த் திரும்புவது வீண் சுற்று. நேரத்தை மட்டும் 0.5 மணி ஆக்கி, 2 × 0.5 = 1 கிலோவாட் மணி என்று முடித்துவிடலாம். ஜூலில் கேட்டால் 2000 × 1800 = 3600000. ஒரு கிலோவாட் மணிக்கு அத்தனை ஜூல்தான், எனவே இரண்டும் ஒத்துப்போகின்றன. 2 × 30 = 60 என்று எழுதியவர் கிலோவாட்டையும் நிமிடத்தையும் கலந்துவிட்டார்; எண்ணுக்குப் பக்கத்தில் ‘கிலோவாட் நிமிடம்’ என்று அலகையும் எழுதியிருந்தால் கேட்டது அதுவல்ல என்பது அந்த வரியிலேயே கண்ணில் பட்டிருக்கும்.