1,800 திர்ஹமா, 1,700 ரியாலா?

சம்பா அறுவடை முடிந்த கையோடு மன்னார்குடியிலிருந்து அக்கா மகன் வந்தான். கையில் இரண்டு ஆஃபர் தாள்கள், இரண்டும் எலக்ட்ரீஷியன் வேலை. துபாய் கம்பெனி மாதம் 1,800 திர்ஹம் தருகிறது, ரியாத் கம்பெனி 1,700 ரியால். "துபாய்தானே மாமா அதிகம்?" என்றான். இரண்டு காசும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பு என்பதால் மாதக் கணக்கில் அவன் சொல்வது சரி. ஊர் திரும்பும்போது வாங்கும் சர்வீஸ் பணத்தில்தான் கணக்கு மாறுகிறது.

துபாய் தாளில் பேசிக் 900, மீதி 900 படிகள். அமீரகச் சட்டப்படி முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதுவும் பேசிக்கை மட்டும் வைத்து. நாளுக்கு 30 என்றால் வருஷத்துக்கு 630. நாலு வருஷத்துக்கு 2,520 திர்ஹம். பேசிக்கைக் குறைத்துப் படியை ஏற்றி எழுதும் கம்பெனிகளுக்கு இதில்தான் லாபம்.

சவுதியில் முதல் ஐந்து வருஷத்துக்கு, வருஷத்துக்கு அரை மாதச் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தோடு மாதாந்திரப் படிகளும் சேரும். 1,700இல் பாதி 850, நாலு வருஷத்துக்கு 3,400 ரியால்.

அப்போ ரியாத்தா? அவசரப்பட வேண்டாம். "மூணு வருஷத்துல தங்கச்சி கல்யாணம், விட்டுட்டு வந்துருவேன்" என்றான். சவுதியில் ஒப்பந்தத்தின் நடுவில் ராஜினாமா செய்தால், இரண்டு வருஷத்துக்குள் ஒன்றும் இல்லை. இரண்டிலிருந்து ஐந்துக்குள் மூன்றில் ஒரு பங்குதான். 2,550 வரவேண்டிய இடத்தில் 850. துபாயில் 2022 முதல் நடப்பில் உள்ள சட்டத்தில் ராஜினாமாவுக்கு வெட்டு இல்லை, அதனால் 1,890 முழுசாக வரும். சவுதியிலும் ஒப்பந்தம் முடியும் நாளில், புதுப்பிக்கவில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்துக் கிளம்பினால் முழுத் தொகை உண்டு. அப்போது 'ராஜினாமா' என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

இந்தக் கணக்கெல்லாம் அங்கே அரசிடம் பதிவாகும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது, திருச்சியில் ஏஜென்ட் நீட்டும் தாளை அல்ல. அமீரக ஆஃபரில் தொழிலாளர் அமைச்சகத்தின் எண் இருக்கும், சவுதி ஒப்பந்தம் அந்நாட்டு அரசின் கிவா இணையதளத்தில் பதிவாகும். அந்த நகலில் பேசிக் எவ்வளவு என்று விமானம் ஏறுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். ஏஜென்டின் உரிம எண்ணை emigrate.gov.in தளத்தில் சரிபார்க்கலாம். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். இவனிடம் துபாய் வேலைக்கான ஏஜென்ட் கேட்டது ஒன்றரை லட்சம்.

அமைச்சக எண் உள்ள ஆஃபரைக் கேட்டோம். "முதல்ல விசிட் விசாவுல ஏறட்டும், அங்க போய் மாத்திக்கலாம்" என்றார். விசிட் விசாவில் வேலை செய்வதே குற்றம். பதிவான ஒப்பந்தம் இல்லாமல் சர்வீஸ் பணத்தை எதைக் காட்டிக் கேட்பது? அந்தத் தாளை மடித்து வைத்தாயிற்று. ரியாத் ஏஜென்டிடம் இப்போது ஒரு கேள்வி போயிருக்கிறது: ஒப்பந்தம் இரண்டு வருஷமா, மூணு வருஷமா?