ப்ரோக்ரெசிவ் பாஸா, எக்ஸ்டியா? ஷாட்டில் முடியாத ஆட்டத்தை எதை வைத்து அளப்பது

கால்பந்தில் அசிஸ்ட், ஒரு ஷாட் கோலாகும் வாய்ப்பை அளக்கும் எக்ஸ்ஜி எல்லாம் ஷாட் அடித்தால்தான் கணக்கில் வரும். ஷாட்டே வராமல் அறுந்துபோன தாக்குதலில் அருமையாக பாஸ் போட்டவருக்கு என்ன மதிப்பு? இதற்கு இரண்டு அளவுகோல்கள் புழக்கத்தில் இருக்கின்றன.

ப்ரோக்ரெசிவ் பாஸ் வெறும் எண்ணிக்கை. கால்பந்துத் தரவு நிறுவனமான வைஸ்கவுட்டின் விதிப்படி பந்து எதிரணி கோலை நோக்கி இவ்வளவு தூரம் நெருங்கியிருக்க வேண்டும்: சொந்தப் பாதிக்குள் 30 மீட்டர், நடுக்கோட்டைத் தாண்டினால் 15, எதிரணிப் பாதிக்குள் 10. தாண்டினால் ஒன்று, இல்லையென்றால் பூஜ்யம்.

எக்ஸ்பெக்டட் த்ரெட், சுருக்கமாக எக்ஸ்டி, வேறு வழியில் போகிறது. தரவு ஆய்வாளர் கருண் சிங் இதைப் பிரபலமாக்கினார். 2011-லேயே இன்னொரு ஆய்வாளரான சாரா ரட் இதே திசையில் யோசித்திருந்தார். மைதானத்தை 16-க்கு 12 என்று 192 கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்திலிருந்து ஷாட் அடிக்கும் வாய்ப்பு, அது கோலாகும் வாய்ப்பு, அடிக்காவிட்டால் பந்து எந்தக் கட்டத்துக்குப் போகும், அந்தக் கட்டத்தின் மதிப்பு என்ன என்று பழைய ஆட்டங்களின் தரவை வைத்துத் திரும்பத் திரும்பக் கணக்கிடுகிறார்கள். நாலைந்து சுற்றில் எண்கள் நிலைத்துவிடும். பந்து போய்ச் சேர்ந்த கட்டத்தின் மதிப்பில் புறப்பட்ட கட்டத்தின் மதிப்பைக் கழித்தால் பாஸின் மதிப்பு. அடுத்தவர் பந்தைத் தொலைத்தாலும் அது குறையாது.

இரண்டும் எங்கே முட்டிக்கொள்கின்றன என்று பார்ப்போம் (எக்ஸ்டி எண்கள் உதாரணத்துக்கு மட்டும்). சென்டர் பேக் ஒருவர் தன் கோல் கோட்டிலிருந்து 18 மீட்டரில் நின்று, 50 மீட்டரில் நிற்பவருக்கு நேராக அனுப்புகிறார். 32 மீட்டர், ப்ரோக்ரெசிவ் பாஸ்தான். ஆனால் மதிப்பு 0.005-இலிருந்து 0.01 ஆகிறது, அவ்வளவே. இன்னொரு பக்கம், எதிரணி கோல் கோட்டருகே பாக்ஸின் ஓரத்தில் இருக்கும் விங்கர் பெனால்டி புள்ளிக்குக் கட்பேக் போடுகிறார். கோலுக்கான தூரம் 16 மீட்டரிலிருந்து 11 ஆகிறது, 5 மீட்டர்தான் நெருங்கியிருக்கிறது. ப்ரோக்ரெசிவ் கணக்கில் பூஜ்யம். எக்ஸ்டியில் 0.08 இருந்தது 0.25 ஆகிறது. ஆட்டத்திலேயே ஆபத்தான பாஸை முதல் அளவுகோல் கண்டுகொள்வதே இல்லை.

அதனால் எக்ஸ்டிதான் ஒசத்தி என்று சொல்லிவிட முடியுமா? சென்டர் பேக்குகளை ஒப்பிட நான் ப்ரோக்ரெசிவ் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். சொந்தப் பாதியில் எல்லாக் கட்டங்களும் ஏறக்குறைய ஒரே மதிப்பு என்பதால், எக்ஸ்டி அவர்களைப் பிரித்துக் காட்டாது. அப்புறம், எக்ஸ்டிக்கு எதிரணி வீரர்கள் கண்ணுக்கே தெரியாது. கவுண்டர் அட்டாக்கில் காலியாகக் கிடக்கும் கட்டமும் எட்டுப் பேர் அடைத்து நிற்கும் அதே கட்டமும் அதற்கு ஒன்றுதான்.

முன்கள வீரர்களுக்கு எக்ஸ்டிதான் என் தேர்வு, ஆனால் ஒரு நிபந்தனை: தொலைத்த பாஸ்களின் நஷ்டத்தையும் கழிக்க வேண்டும். வெற்றிகரமான பாஸ்களை மட்டும் கூட்டும் பட்டியல்கள் சூதாடிகளைத் தூக்கிவிடும். 0.03 கட்டத்திலிருந்து 0.12 கட்டத்துக்கு ஐந்து முறை முயன்று ஒன்றே சேர்ந்தால் லாபம் 0.09. தொலைத்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் 0.03 போய், மொத்தம் 0.12 நஷ்டம். கழித்துப் பார்த்தால் அவர் அணிக்கு 0.03 கடன் வைத்திருக்கிறார். பட்டியலிலோ மேலே நிற்பார்.